2, 3 வருடம் ஓடிய வண்டிதான் லாபமா? பழையது 7.10 கேட்கிறார்கள், புதுசு 9.35

மேடவாக்கம் மதன்
சனி, இரவு 9.40

வணக்கம். வீட்டுக்கு முதல் கார் வாங்கப் போகிறோம். மனைவி மீண்டும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார், சிறுசேரி வரை தினமும் போய்வர வேண்டும். பையனைப் பள்ளியில் விடுவதும் அந்த வழியில்தான். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடும்.

அலுவலகத்தில் எல்லோரும் ஒரே பாட்டு: "புதுசு வாங்காதே, ஷோரூம் வாசலைத் தாண்டினாலே விலை விழுந்துவிடும், 2, 3 வருட வண்டியாகப் பார்." பெருங்குடியில் ஒரு வண்டி பார்த்தேன். பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல், 2023 ஜூலை பதிவு, சிங்கிள் ஓனர், 31,000 கிலோமீட்டர். வாரண்டி 2 வருடத்தோடு முடிந்துவிட்டது. 7.10 லட்சம் கேட்கிறார். அவர் வாங்கும்போது ஆன்ரோடு 9.30 ஆனதாம், பில்லையும் காட்டினார்.

அதே மாடல், அதே வேரியன்ட் புதுசுக்கு நேற்று கொட்டேஷன் வாங்கினேன். ஷோரூம் விலை 7.87, ஆயுள் வரி 1.02, இன்சூரன்ஸ் 40,000, மற்றது 6,000. ஆன்ரோடு 9.35 லட்சம்.

கையில் 2.5 லட்சம் இருக்கிறது, மீதிக்குக் கடன். புது வண்டிக்கு வங்கியில் 9% சொன்னார்கள். பழையதுக்கு அதே வங்கியில் 13%. பழைய வண்டியை எடுத்துவிடலாமா?

---

சேமிப்பு சிவா
சனி, இரவு 10.05

கண்ணை மூடிக்கொண்டு பழையதை எடுங்கள் ப்ரோ. வண்டியின் விலை மிக வேகமாக விழுவது முதல் 3 வருடத்தில்தான். அதை முதல் ஓனர் சுமந்துவிட்டார். இன்சூரன்ஸ்காரர்களின் அட்டவணையைப் பாருங்கள்: 6 மாதத்துக்குள் 5%, 1 வருடத்துக்குள் 15%, 2 வருடத்துக்குள் 20%, 3 வருடத்துக்குள் 30%. உங்களுக்கு 2.25 லட்சம் சும்மா கிடைக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இன்னும் மலிவாக வேண்டும் என்றால் டெல்லி வண்டி பாருங்கள். பாதி விலைக்குக் கிடைக்கும்.

---

அயனாவரம் அங்கிள்
சனி, இரவு 10.30

என்னிடம் 2011 மாடல் இருக்கிறது. 74,000தான் ஓடியிருக்கிறது. ஏசி ஜில்லென்று இருக்கும். அதை ஏன் விற்கச் சொல்கிறீர்கள்? இந்த ஆண்டு எஃப்சி வருகிறது, அதை எடுத்துவிட்டு இன்னும் 5 வருடம் ஓட்டுவேன்.

---

மேடவாக்கம் மதன்
சனி, இரவு 10.34

அங்கிள், உங்கள் வண்டியை யாரும் விற்கச் சொல்லவில்லை. நான் வாங்குவதைப் பற்றிக் கேட்டேன் 🙂

---

ஈக்காட்டுத்தாங்கல் கண்ணப்பன்
ஞாயிறு, காலை 6.50

மதன் தம்பி, நான் பழைய வண்டி மதிப்பிடும் வேலையில் 22 வருடம் இருந்தவன். சிவா சொன்ன அட்டவணை சரி, ஆனால் அது சந்தை விலைக்கான அட்டவணை இல்லை. வண்டி முழுசாகப் போனால் இன்சூரன்ஸ் எவ்வளவு கொடுக்கும் என்பதற்கான கணக்கு. வண்டியின் இன்றைய ஷோரூம் விலையில் கழிப்பார்கள். உன் வண்டிக்கு 7.87இல் 30% போனால் 5.51 லட்சம். வரும் ஜூலையில் 3 வயது தாண்டிவிட்டால் 40% கழிவு, 4.72 லட்சம். கொஞ்சம் ஏற்றிக் கேட்டால் சில கம்பெனிகள் தரும், அவ்வளவுதான். நீ 7.10 கொடுத்து வாங்கி, அடுத்த மாதமே வண்டி காணாமல் போனால் கைக்கு ஐந்தரை. இதை யாரும் முதலில் சொல்வதில்லை.

இன்னொன்று. அவர் 9.30 கொடுத்ததற்கும் உனக்கும் சம்பந்தம் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி குறைந்தது. அதற்கு முன் பெட்ரோல் சின்ன வண்டிக்கு 28 சதவீதமும் மேலே 1 சதவீத செஸ்ஸும் இருந்தன, இப்போது 18தான். அதனால்தான் அவர் மூன்று வருடத்துக்கு முன் கொடுத்த விலையும் நீ இன்று புதுசுக்குக் கொடுக்கப் போகும் விலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது. இத்தனைக்கும் 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் ஆயுள் வரி ஏறியது. இந்த விலை வண்டிக்கு 10 சதவீதமாக இருந்தது 13 ஆனது. அவர் பழைய வரியில் பதிந்தவர்.

விற்பவர் எப்போதும் தன் பழைய பில்லில் இருந்து கழித்துத்தான் பேசுவார். வாங்குபவன் இன்றைய புது விலையில் இருந்து கழிக்க வேண்டும். உன் கணக்கில் தற்செயலாக இரண்டும் ஒன்றாகிவிட்டன, அதனால் குழப்பம் தெரியவில்லை.

குளித்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

---

சேமிப்பு சிவா
ஞாயிறு, காலை 8.15

சார், அப்படிப் பார்த்தாலும் 9.35இல் 7.10 போனால் 24% தள்ளுபடி. வண்டியோ இன்னும் புதுசு மாதிரி. இது நஷ்டம் என்கிறீர்களா?

---

ஈக்காட்டுத்தாங்கல் கண்ணப்பன்
ஞாயிறு, காலை 9.20

தள்ளுபடி 24%, சரி. ஆனால் வண்டியின் ஆயுளில் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்தாயா சிவா?

மதன் இந்த வண்டியை அதன் 8ஆவது வயது வரை வைத்திருப்பான் என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதிரி நன்றாக விற்கும் ஹேட்ச்பேக், 8 வயதில், 90,000 கிலோமீட்டருக்குள் இருந்தால், சென்னையில் 3.25 லட்சம் போகும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் அதே தொகையைத்தான் போடப் போகிறேன், அதனால் பெரிதாகப் பாதிக்காது.

முதலில் கடன் இல்லாமல். புதுசு: 9.35 கொடுத்து 3.25 திரும்பி வருகிறது. 6.10 லட்சம், 8 வருடம். வருடத்துக்கு 76,250.

பழையது: 7.10, பெயர் மாற்றம், ஏஜென்ட் எல்லாம் சேர்த்து 8,000. மொத்தம் 7.18. அதில் 3.25 வருகிறது. மீதி 3.93. வண்டிக்கு இப்போது 2 வருடம் 9 மாதம், எனவே மதனுக்குக் கிடைப்பது 5 வருடம் 3 மாதம். வருடத்துக்கு சுமார் 74,900.

வித்தியாசம் வருடத்துக்கு 1,400 ரூபாய். அந்த 2.25 லட்சம் லாபம் எங்கே போனது என்றால், அவன் வாங்காத 2 வருடம் 9 மாதத்துக்குள் போய்விட்டது.

இப்போது கடனோடு. கையில் 2.5 இருக்கிறது. புதுசுக்கு 6.85 லட்சம் கடன், 9%, 5 வருடம். மாதம் 14,219 வரும், மொத்த வட்டி 1.68 லட்சம். பழையதுக்கு 4.6 லட்சம்தான் கடன், ஆனால் 13%. மாதம் 10,466, மொத்த வட்டி அதுவும் 1.68 லட்சம். நானே இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். இரண்டேகால் லட்சம் குறைவாகக் கடன் வாங்கியும் வட்டி அப்படியே இருக்கிறது.

அந்த வட்டியையும் சேர்த்தால் புதுசு வருடத்துக்கு 97,000. பழையது 1,07,000. பழையதுதான் விலை அதிகம்.

---

கே.கே. நகர் வினோத்
ஞாயிறு, காலை 10.02

கண்ணப்பன் சார் கணக்கில் ஒன்று விட்டுப் போயிற்று. 31,000 ஓடிய வண்டி என்றால் மதன் வாங்கி ஒரு வருடத்துக்குள் டயர் நாலும் மாற்ற வேண்டி வரும். பேட்டரி கண்டிப்பாக. பிரேக் பேடும் போடச் சொல்வார்கள். 30,000 தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

---

ஈக்காட்டுத்தாங்கல் கண்ணப்பன்
ஞாயிறு, காலை 10.20

வேண்டுமென்றேதான் விட்டேன் வினோத். புதுசு வாங்கினாலும் நாலாவது வருடம் டயர் மாற்றத்தான் வேண்டும். இரண்டு பேருக்கும் வரும் செலவைப் பழைய வண்டி மேல் மட்டும் போட்டால் அது கள்ளக் கணக்கு. ஆனால் நீ சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது: பழையதில் அந்தச் செலவு வாங்கின வருடமே வந்து நிற்கும். கையில் இருப்பதை எல்லாம் முன்பணமாகக் கட்டிவிட்டால் டயருக்குக் கிரெடிட் கார்டு தேய்க்க வேண்டியதுதான். பேரம் பேசும்போது டயரின் தேய்மானத்தைக் காட்டித்தான் குறைக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2023 டயரே இருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. 31,000த்துக்கே புது டயர் போட்டிருந்தால் மீட்டர் மேல் எனக்குச் சந்தேகம் வரும்.

---

சேமிப்பு சிவா
ஞாயிறு, காலை 11.10

யார் சார் இந்தக் காலத்தில் ஒரு வண்டியை 8 வருடம் வைத்திருக்கிறார்கள்? நான் 3 வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். என் கணக்கில் பழையதுதான் ஜெயிக்கிறது.

---

ஈக்காட்டுத்தாங்கல் கண்ணப்பன்
ஞாயிறு, காலை 11.45

உன் விஷயத்தில் நீ சொல்வது சரி. புதுசு எடுக்கும்போது ஆயுள் வரி 1.02, இன்சூரன்ஸ் 40,000, ஆக 1.42 லட்சம் வண்டி மேல் ஒட்டாத பணம். 8 வருடம் வைத்திருப்பவனுக்கு அது வருடத்துக்கு 17,750. 3 வருடத்தில் விற்பவனுக்கு 47,000. அடிக்கடி மாற்றுகிறவன் புதுசு வாங்கவே கூடாது. ஆனால் மதன் கேட்டது முதல் வண்டி, குடும்ப வண்டி. அவன் உன்னை மாதிரி மாற்றுவானா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும்.

டெல்லி விஷயமும் சொல்லிவிடுகிறேன். அங்கே மலிவாக வருவது 10 வயதை நெருங்கிய டீசல். 10 வருடத்துக்கு மேல் டீசல் அங்கே ஓடக்கூடாது என்று வந்த தடையால் விழுந்த விலை அது. 3 வருடப் பெட்ரோல் வண்டி அங்கேயும் பாதி விலைக்குக் கிடைக்காது. என்ஓசி வாங்கி இங்கே கொண்டுவந்து திரும்பப் பதிய, தமிழ்நாட்டு வரியை வேறு கட்ட வேண்டும்.

---

மேடவாக்கம் மதன்
ஞாயிறு, மதியம் 1.15

சார், ரொம்ப நன்றி. 8 வருடம் என்று நினைக்கவில்லை, ஆனால் 3 வருடத்தில் மாற்றும் வசதியும் இல்லை. அதிகபட்சம் எவ்வளவு வரை ஓடுகிறதோ அவ்வளவு வரை ஓட்டுவோம்.

ஒரு சந்தேகம். மாதத் தவணையில் 3,750 ரூபாய் வித்தியாசம் வருகிறது. எங்களுக்கு அது ஒரு டியூஷன் ஃபீஸ். வருடக் கணக்கில் புதுசு மலிவு என்றாலும் மாதக் கணக்கில் பழையதுதானே மலிவு?

---

ஈக்காட்டுத்தாங்கல் கண்ணப்பன்
ஞாயிறு, மதியம் 1.50

அது நியாயமான கேள்வி. 14,219 கட்ட முடியாது என்றால் கணக்கு அங்கேயே முடிந்தது, பழையதுதான். அப்படியானால் விலையைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டேன். 6.75 லட்சத்துக்குக் கிடைத்தால், வட்டியோடு சேர்த்து, வருடத்துக்கு இரண்டும் ஏறக்குறைய சமம். அதற்கு மேல் ஒவ்வொரு ரூபாயும் நீ விற்பவருக்குக் கொடுக்கும் அன்பளிப்பு. ஆனால் சமமான விலைக்கு யாராவது பழைய வண்டி வாங்குவார்களா? வாரண்டி இல்லை, முன்னால் யார் எப்படி ஓட்டினார் என்று தெரியாது. அந்த ரிஸ்க்குக்கு ஏதாவது கழிய வேண்டும். நான் என்றால் 6.40க்கு மேல் போக மாட்டேன்.

---

கே.கே. நகர் வினோத்
ஞாயிறு, மாலை 4.30

சிவா சொல்லும் தத்துவம் எங்கே செல்லுபடியாகும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். போன வருடம் ஒரு பெரிய செடான் எடுத்தேன். 2022 மாடல், முதல் ஓனருக்கு ஆன்ரோடு 19.5 ஆகியிருந்தது. எனக்கு 10.75க்கு வந்தது. கிட்டத்தட்ட பாதி. எல்லோரும் உயரமான வண்டிக்குப் போய்விட்டார்கள், செடானைக் கேட்க ஆள் இல்லை. மூன்று மாதமாக விற்காமல் நின்ற வண்டி.

ஹேட்ச்பேக்குக்கு அப்படி இல்லை. போர்டு வைத்த இரண்டாவது நாளே போய்விடும். கேட்கும் ஆள் அதிகமாக இருக்கும்போது விலை எப்படி விழும்?

ஆனால் ஒன்று. வண்டி விலைதான் பாதி, உதிரி பாகம் முழு விலை. நாலு டயர் 44,000. ஒரு பக்க ஹெட்லைட்டில் கீறல் விழுந்தது, விலை கேட்டுவிட்டுக் கீறலோடு ஓட்டுகிறேன். அப்புறம் நான் விற்கும்போதும் கேட்க ஆள் இருக்காது, அது தெரிந்துதான் எடுத்தேன்.

---

முடிச்சூர் ராஜி
ஞாயிறு, இரவு 8.10

எல்லோரும் கணக்குப் போடுகிறீர்கள். 2023 ஜூலையில் பதிந்த வண்டி, பெருங்குடியில் நின்ற வண்டி. 2023 டிசம்பர் 3, 4ஆம் தேதிகளில் மிக்ஜாம் புயலின்போது அது எங்கே நின்றது என்று யாராவது கேட்டீர்களா?

நான் 2017 கடைசியில் ஒரு வண்டி வாங்கினேன். 2015 மாடல், சிங்கிள் ஓனர், 24,000 ஓடியது. எனக்கும் இதே அறிவுரைதான்: 2 வருட வண்டி, விலை விழுந்து முடிந்த வண்டி. பளபளவென்று இருந்தது. 8 மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. அடுத்த மழைக்காலம் வந்தது. ஏர்பேக் விளக்கு எரிந்தது, அணைந்தது. பவர் விண்டோ தானாக இறங்கியது. ஒரு நாள் காலை ஸ்டார்ட் ஆகவே இல்லை. மெக்கானிக் ஓட்டுநர் சீட்டைக் கழற்றி, தரை விரிப்பைத் தூக்கிக் காட்டினார். ஒயரிங் கனெக்டர் எல்லாம் பச்சை பூத்திருந்தது. விரிப்புக்கு அடியில் வண்டல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி. முழு ஒயரிங்கும் மாற்ற 68,000 ஆயிற்று. அப்புறமும் நம்பிக்கை வரவில்லை, தள்ளிவிட்டேன். வாங்கினவரிடம் சொல்லித்தான் விற்றேன், அதனால் விலையும் போயிற்று.

அன்று 2015 வண்டி எப்படியோ, இன்று 2023 வண்டி அப்படி. நீங்கள் சொல்லும் "2, 3 வருட வண்டி" வரிசையில்தான் அதெல்லாம் வந்து நிற்கிறது.

---

மேடவாக்கம் மதன்
ஞாயிறு, இரவு 8.25

அக்கா, வயிற்றைக் கலக்குகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் சுத்தமாக இருக்கிறது. வண்டி மேல் கடன் இருப்பதாகக் காட்டும் ஹைப்பாதிகேஷன்கூட இல்லை.

---

ஈக்காட்டுத்தாங்கல் கண்ணப்பன்
ஞாயிறு, இரவு 9.30

ராஜியம்மா சொன்னதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். விலையிலேயே மூழ்கிவிட்டேன்.

தம்பி, எம்பரிவாகனில் தெரியாது. பழுது செலவு, இன்சூரன்ஸ் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் வண்டியை முழு நஷ்டமாக எழுதுவார்கள். அதற்குக் கீழே இருந்தால் ரிப்பேர் செய்து ஓனரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆர்சியில் எந்த அடையாளமும் விழாது. அவர் இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, வாடை போன பிறகு விற்பார். அதில் பொய்கூட இல்லை, யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு காகிதம் பேசும், அது இன்சூரன்ஸ் பாலிசி. இந்த வண்டியின் மூன்று பாலிசியையும் கேள்: 2023 ஜூலை, 2024 ஜூலை, 2025 ஜூலை. அதில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு வரி இருக்கும். ஒரு வருடம் கிளெய்ம் இல்லை என்றால் 20%, இரண்டாவது வருடமும் இல்லை என்றால் 25%. முதல் வருடத்தில் கிளெய்ம் செய்திருந்தால் 2024 ஜூலையில் அது சுழியம் ஆகும், 2025இல் 20. எனவே 2025 பாலிசியில் 25 இருந்தால் நிம்மதி. 20 இருந்தால், மிக்ஜாம் வந்த அந்தப் பாலிசி வருடத்தில் ஏதோ ஒரு கிளெய்ம் நடந்திருக்கிறது. அது வெள்ளமாகவே இருக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் என்ன என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

இதிலும் ஓட்டை உண்டு. போனஸ் வண்டிக்கு இல்லை, ஓனருக்கு. பழைய வண்டியின் போனஸை இதில் கொண்டுவந்திருக்கலாம், போனஸ் காப்பு என்று தனியாகப் பணம் கட்டியிருக்கலாம். அதனால்தான் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். கிளெய்மே செய்யாமல் கைக்காசில் வெளியே ரிப்பேர் செய்திருந்தால் பாலிசியில் ஒன்றும் தெரியாது.

அதற்கு வண்டியைத்தான் பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழு. யாரும் அவ்வளவு தூரம் இழுத்துக் கழுவ மாட்டார்கள், அந்தக் கடைசி முழத்தில் தண்ணீர் நின்ற கோடு தெரியும். டிக்கி அடியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியின் ஓரத்தை விரலால் தடவு. சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டைப் பார். இரண்டரை வருட வண்டியில் அது துரு பிடிக்கக் காரணமே இல்லை. போல்ட் தலையில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால் சீட்டைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேள். ராஜியம்மா சொன்ன மாதிரி விரிப்பைத் தூக்கிப் பார்க்க விடவில்லை என்றால் வண்டியை விட்டுவிட்டு வா.

---

அயனாவரம் அங்கிள்
திங்கள், காலை 7.05

என் வண்டி வெள்ளத்தில் நிற்கவே இல்லை. மிக்ஜாம் அன்று பக்கத்து அப்பார்ட்மென்ட் மேல் தளத்தில் நிறுத்தினேன். 2015இலும் அப்படித்தான்.

---

முடிச்சூர் ராஜி
திங்கள், காலை 7.40

அங்கிள், பேசாமல் உங்கள் வண்டியை மதனுக்குக் கொடுத்துவிடுங்கள் 😄

---

மேடவாக்கம் மதன்
வியாழன், இரவு 10.15

நேற்று மாலை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மெக்கானிக்கையும் கூட்டிப் போனேன், 1,500 வாங்கினார்.

பாலிசி கேட்டதும் ஓனர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் மூன்றையும் காட்டினார். 2024இல் போனஸ் 0, 2025இல் 20. கண்ணப்பன் சார் சொன்ன மாதிரியே. எனக்கு வியர்த்துவிட்டது. அவரே சொன்னார்: சோழிங்கநல்லூர் சிக்னலில் பின்னால் வந்த வேன் இடித்தது, பின் பம்பரும் டிக்கி கதவும் மாற்றியது. சர்வீஸ் சென்டரில் அவர் பேரில் வண்டி எண்ணைச் சொல்லிப் பழைய ஜாப் கார்டை எடுத்தோம். 2023 அக்டோபர், பம்பர், டெயில் லைட், டிக்கி கதவு, பெயின்டிங், 41,000. புயலுக்கு முன்னால்.

சீட் பெல்ட் சுத்தம், போல்ட் சுத்தம், விரிப்பைத் தூக்கவும் விட்டார். ஸ்டெப்னி குழியில் ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் துரு. மெக்கானிக் சொன்னது: டிக்கி கதவு மாற்றும்போது ரப்பர் பீடிங் சரியாக உட்காரவில்லை, மழைத் தண்ணீர் அந்த வழியாக இறங்குகிறது, பெரிய விஷயம் இல்லை. டயர் நாலும் 2023தான், மாற்ற வேண்டும்.

விலை 6.80 வரை வந்துவிட்டார். அதற்குக் கீழே முடியாது என்கிறார், இன்னொரு பார்ட்டி ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம்.

---

சேமிப்பு சிவா
வியாழன், இரவு 10.30

எடுத்துவிடுங்கள் ப்ரோ! வண்டி சுத்தம் என்று தெரிந்துவிட்டது. 5,000க்கும் 10,000க்கும் பார்த்தால் போய்விடும்.

---

ஈக்காட்டுத்தாங்கல் கண்ணப்பன்
வெள்ளி, காலை 6.40

இன்னொரு பார்ட்டி எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள்.

தம்பி, பெரிய பயம் தீர்ந்தது, சந்தோஷம். ஆனால் ஸ்டெப்னி குழித் துருவை அவ்வளவு லேசாக விடாதே. பின்னால் இடி வாங்கிய வண்டி. டிக்கித் தரைத் தகடும் வண்டியின் பின்சுவரும் சேரும் இடத்தில் வெல்டிங் புள்ளிகள் வரிசையாக, ஒரே இடைவெளியில், சின்ன வட்டமாக இருக்க வேண்டும். அங்கே சீலன்ட்டைக் கையால் பூசியது போல மேடு பள்ளமாக இருந்தால் தகட்டை இழுத்து டிங்கரிங் செய்திருக்கிறார்கள். ஜாப் கார்டில் பம்பர், கதவு மட்டும்தான் என்றால் அந்த இடத்தைத் தொட்டிருக்கவே கூடாது. உன் மெக்கானிக் பார்த்தாரா?

---

மேடவாக்கம் மதன்
வெள்ளி, காலை 8.55

பார்த்த மாதிரி நினைவில்லை. இன்று மாலை டார்ச்சோடு போகிறேன்.

இதற்கு நடுவில் மனைவி வங்கியில் மறுபடி பேசியிருக்கிறார். புது வண்டிக்கு 7 வருடக் கடனாகப் போட்டால் மாதம் 11,021தான் வருமாம். "அப்புறம் எதுக்கு டார்ச்?" என்று கேட்கிறார்.

---

கே.கே. நகர் வினோத்
வெள்ளி, காலை 9.10

7 வருடத்துக்குப் போட்டால் வட்டி 2.41 லட்சம் ஆகும், இப்போதுதான் தட்டிப் பார்த்தேன். 5 வருடத்தைவிட 73,000 அதிகம். கண்ணப்பன் சார் கணக்கில் புதுசு வருடத்துக்கு 1,06,000க்கு ஏறிவிடும். பழையது 7.10க்கு வந்த அதே இடம்.

---

ஈக்காட்டுத்தாங்கல் கண்ணப்பன்
வெள்ளி, காலை 9.25

ஆமாம். ஆனால் அதே பணத்துக்கு வாரண்டியோடு ஒரு வண்டி, இடி வாங்காத வண்டி. வீட்டில் கேட்பதும் நியாயம்தான். நீ முதலில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வா. தகடு சரியாக இருந்தால், டயரைச் சொல்லி 6.60க்குக் கேள். அதில் நின்றால் எனக்கு ஒரு போன் அடிக்கச் சொல்லியிருப்பேன், இங்கே எண் போடக்கூடாது. இங்கேயே எழுது, பார்க்கிறேன்.

---

அயனாவரம் அங்கிள்
வெள்ளி, காலை 10.00

ராஜியம்மா, யோசித்தேன். 1.60 கிடைத்தால் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். மதனுக்கு வேண்டுமா?